'பட்டா' என்று எழுதிவைத்தால் பட்டா மாறாது

ஃப்ரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியிருக்கும் தாளையோ, போனில் மணியடிக்கும் நினைவூட்டல்களையோ ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 'பல் டாக்டர்', 'மாடி ஒழுகல்', 'இன்ஷூரன்ஸ்', 'பட்டா' என்று ஒற்றைச் சொல்லாக நாலைந்து இருக்கும். எழுதியவருக்கு விஷயம் என்னவென்று நன்றாகத் தெரியும். மணி அடித்ததும் என்ன செய்வது என்பதுதான் தெரியாது.

'மாடி ஒழுகல்' என்கிறது போன். கொத்தனாரைக் கூப்பிடுவதா, வாட்டர்ப்ரூஃப் பூசுகிறவர்களைக் கூப்பிடுவதா? போன தடவை வந்த கொத்தனார் நம்பர் யாரிடம் இருக்கிறது? மழை விட்டபிறகு பார்த்துக்கொள்ளலாமா? இத்தனை கேள்வியும் அடுப்பில் பால் பொங்கப்போகிற நேரத்தில் வந்து நிற்கின்றன. கட்டைவிரல் தானாகப் போய் அந்த அறிவிப்பைத் தள்ளிவிடுகிறது. தள்ளியதும் மனசில் சின்னதாக ஓர் உறுத்தல். சில வாரம் இப்படியே போனால் மணிச் சத்தம் காதில் விழுவது நின்றுவிடும். உறுத்தல் மட்டும் தங்கிவிடும்.

இதைச் சோம்பேறித்தனம் என்று நம்மை நாமே திட்டிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது எழுத்தில் இருக்கிற கோளாறு. 'மாடி ஒழுகல்' என்பது வேலையே இல்லை, பத்து வேலைகளுக்கு மேலே போட்ட தலைப்பு. அதில் எதை முதலில் தொடுவது என்று யோசிப்பதை, எழுதிய அன்று நாம் செய்யவில்லை. மணி அடிக்கும் நேரத்துக்குத் தள்ளிவைத்துவிட்டோம். அந்த நேரத்தில்தான் யோசிக்க நமக்குத் துளியும் அவகாசம் இருப்பதில்லை.

அமெரிக்காவில் நிர்வாக ஆலோசகராக இருந்த டேவிட் ஆலன் 2001-இல் எழுதிய 'கெட்டிங் திங்ஸ் டன்' என்ற புத்தகத்தின் அச்சாணி இந்த ஓர் இடம்தான். எந்த விஷயமானாலும், அதை நகர்த்த அடுத்தபடியாகக் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி உடம்பால் செய்ய வேண்டிய காரியம் என்ன என்று கேட்டு, அதை மட்டும் எழுதச் சொன்னார். இந்தக் கேள்வியைத் தனக்குக் கற்றுக்கொடுத்தவர் டீன் அச்சிசன் என்ற மூத்த ஆலோசகர் என்று அவரே சொல்லியிருக்கிறார். புத்தகத்தில் இருக்கிற மற்ற கோப்பு, தட்டு, லேபிள் சமாச்சாரமெல்லாம் எனக்குக் கொஞ்சம் அதிகப்படி. இந்தக் கேள்வி மட்டும் தனியாகவே நிற்கும்.

அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 1965-இல், யேல் பல்கலைக்கழகத்தில் ஹோவர்ட் லெவென்தாலும் அவருடைய சகாக்களும் ஒரு சோதனை செய்தார்கள். கடைசி ஆண்டு மாணவர்களுக்கு டெட்டனஸ் பற்றிய சிறு கையேடு கொடுக்கப்பட்டது. ஒரு பாதிப் பேருக்கு நோயாளிகளின் கோரமான வண்ணப் படங்களோடு பயமுறுத்துகிற கையேடு. மறுபாதிக்கு அடக்கமான கையேடு. பயமுறுத்தப்பட்டவர்கள் தடுப்பூசி மிகவும் அவசியம் என்றார்கள், கட்டாயம் போட்டுக்கொள்வோம் என்றார்கள். ஆனால் ஊசி போட்டுக்கொண்டது யார் என்று சுகாதார மையத்தின் பதிவேட்டைப் பார்த்தபோது, பயத்தின் அளவு பெரிய வித்தியாசத்தை உண்டாக்கியிருக்கவில்லை. இன்னொன்றுதான் உண்டாக்கியிருந்தது. இரண்டு பிரிவிலும் சிலருக்குக் கூடுதலாக ஒரு வரைபடம் கொடுத்திருந்தார்கள். சுகாதார மையம் வட்டமிட்டுக் காட்டப்பட்டிருந்தது, ஊசி போடும் நேரம் எழுதியிருந்தது. உங்கள் வார அட்டவணையைப் பார்த்து, எந்த வகுப்பு முடிந்து எந்த வழியாகப் போவீர்கள் என்று இப்போதே முடிவுசெய்யுங்கள் என்றும் சொல்லியிருந்தார்கள். வரைபடம் கிடைக்காதவர்களில் ஊசி போட்டுக்கொண்டவர்கள் சுமார் 3 சதவீதம். கிடைத்தவர்களில் சுமார் 28 சதவீதம்.

கடைசி ஆண்டு மாணவர்களுக்கு அந்தக் கட்டடம் எங்கே என்று தெரியாமலா இருக்கும்? வரைபடம் புதிதாக எந்தச் செய்தியையும் சொல்லிவிடவில்லை. எப்போது, எந்த வழியில், எங்கே என்ற யோசனையை முன்கூட்டியே முடித்துக் கையில் கொடுத்தது, அவ்வளவுதான். இன்னொரு பக்கமும் உண்டு. டெட்டனஸின் ஆபத்தைப் பற்றி எதையும் படிக்காமல் வெறும் வழிகாட்டுதல் மட்டும் பெற்றவர்கள் ஊசி போடப் போகவில்லை. விருப்பம் கொஞ்சமாவது உள்ளே இருந்தால்தான் வழி உதவும். நமக்கு உண்மையில் வேண்டாத காரியத்தை எவ்வளவு அழகாக எழுதி மணி வைத்தாலும் அது நகராது.

சரி, நம் ஊர்க் காரியம் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சென்னையில் வேலைபார்க்கும் நண்பர் ஒருவருக்கு லால்குடிப் பக்கம் கிராமத்தில் அப்பா பேரில் வீடும் மனையும். அப்பா உயில் எழுதாமல் காலமாகிவிட்டார். ஞாயிறு காலை 9 மணிக்கு அவர் போனில் 'பட்டா' என்று மணி அடிக்கும். தாலுகா அலுவலகமும் பூட்டியிருக்கும், இ-சேவை மையமும் பூட்டியிருக்கும் என்பதை விட்டுவிடுவோம். அவர் வீட்டில் டிபன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒரு தடவை அந்த மணி அடித்தது. அவர் மனைவி சிரித்தார். "அதுக்கு வாராவாரம் மணி அடிக்கிறதோட சரி, அண்ணா. கோயில் மணி மாதிரி."

நண்பரிடம் கேட்டேன்: "பட்டா மாத்த முதல்ல என்ன வேணும்?"

"வாரிசு சர்டிபிகேட் வேணும்னாங்க."

"இருக்கா?"

"அப்பா காரியம் முடிஞ்சதுமே வாங்கிட்டோம். ஊர்ல அம்மா பீரோல இருக்கும்."

"இருக்குமா, இருக்கா?"

அவர் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில்தான் பட்டா நின்றுகொண்டிருந்தது. தாசில்தாரிடமும் இல்லை, சர்வேயரிடமும் இல்லை. பீரோவில் ஒரு தாள் இருக்கிறதா என்று தெரியாத இடத்தில். அடுத்தபடியாகச் செய்யவேண்டிய காரியம் அம்மாவுக்கு ஒரு போன். ஆனால் 'அம்மாவுக்குப் போன்' என்று எழுதினாலும் போதாது. அம்மாவோடு தினமும்தான் பேசுகிறார். கால்வலி, பக்கத்து வீட்டுச் சண்டை என்று பேச்சு போய்விடும். தவிர, அந்த அம்மாவுக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்துத் தெரியாது. எதிர்வீட்டுப் பெண் கல்லூரியிலிருந்து வந்தபிறகு அவளை விட்டுத்தான் பார்க்கவேண்டும். ஆகவே நினைவூட்டல் இப்படி ஆனது: 'செவ்வாய் மாலை 6 மணி. அம்மாவைக் கூப்பிட்டு, எதிர்வீட்டுப் பெண்ணை வரச்சொல்லி, பீரோ மேல்தட்டில் பச்சை ஃபைலில் வாரிசுச் சான்றிதழ் இருக்கிறதா பார்த்து வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பச் சொல்.'

நீளம்தான். ஆனால் செவ்வாய் மாலை அலுவலக வாசலில் பைக்கை எடுக்கும்போது மணி அடித்தால் அவர் யோசிக்க ஒன்றுமில்லை. யார், எங்கே, எந்தத் தட்டு, என்ன கேட்பது எல்லாம் அதிலேயே இருக்கிறது. ஒருவர் அந்தக் காரியத்தைச் செய்வதை வீடியோ எடுக்க முடியுமா என்று பார்த்தால் எழுதியது சரியா என்று தெரிந்துவிடும். அம்மாவுக்குப் போன் போடுவதை எடுக்கலாம். 'பட்டா விஷயத்தைக் கவனிப்பதை' எப்படி எடுப்பது? கவனி, பார், யோசி, ஏற்பாடு செய், முடி என்று ஆரம்பிக்கும் வரிகளில் கைக்கும் காலுக்கும் வேலை இருக்காது. கூப்பிடு, எடு, ஒட்டு, அச்செடு, கொண்டுபோய்க் கொடு என்று ஆரம்பித்தால் இருக்கும்.

போட்டோ அன்றைக்கே வந்துவிட்டது. காரியம் முடிந்ததா என்றால், உண்மையான முடிச்சு அப்போதுதான் தெரிந்தது. சான்றிதழில் நாலு பேர்: அம்மா, நண்பர், அக்கா, தங்கை. உயில் இல்லாமல் அப்பா இறந்தால் அவருடைய சொந்தச் சம்பாத்தியச் சொத்தில் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, சம பங்கு. அதனால் இரண்டு வழி. நாலு பேர் பேரிலும் கூட்டுப் பட்டாவாக மாற்றலாம். அல்லது மற்ற மூவரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் விடுதலைப் பத்திரம் பதிந்துகொடுத்தால், அதைவைத்து ஒருவர் பேரில் மாற்றலாம். வீட்டைத் தன் பேரில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்துக்கொள்ளலாம் என்பது நண்பரின் எண்ணம். அக்காவிடம் அதை அவர் கேட்கவே இல்லை. எப்படிக் கேட்பது என்று தெரியாமல்தான் ஒவ்வொரு ஞாயிறும் மணியைத் தள்ளிவிட்டிருக்கிறார். பட்டா என்ற சொல்லுக்குப் பின்னால் ஒளிந்திருந்தது அக்காவோடு பேசவேண்டிய பேச்சு.

அடுத்த அடியை எழுதிப் பார்ப்பதில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். நாம் எதற்குப் பயப்படுகிறோம் என்பது தானாக மேலே வந்துவிடும். 'பட்டா' என்று எழுதியிருக்கும்வரை அது அரசாங்க வேலை, அலைச்சல், லஞ்சம் என்று பழியை வேறெங்காவது போடலாம். 'அக்காவைக் கூப்பிட்டு, வீட்டை என்ன செய்யலாம் என்று அவள் நினைக்கிறாள் எனக் கேள்' என்று எழுதியபிறகு அப்படிப் போட முடியாது. எழுதிவிட்டதால் அந்த போன் சுலபமாகிவிடாது. பல நாள் எடுத்துக்கொண்டார். ஆனால் எது கனமாக இருக்கிறது என்று தெரிந்தபிறகு தள்ளிப்போடுவதற்கும், தெரியாமல் தள்ளிப்போடுவதற்கும் வித்தியாசம் இருக்கிறது. முதலாவதில் யாரிடமாவது யோசனையாவது கேட்கலாம். அவர் மனைவியிடம் கேட்டார். "கையெழுத்துப் போடுன்னு ஆரம்பிக்காதீங்க. அவங்க என்ன நினைக்கிறாங்கன்னு கேளுங்க" என்று சொன்னது அவர்தான். கடைசியில் அக்கா சொன்னபடி கூட்டுப் பட்டாதான் என்று முடிவானது. நண்பருக்கு அதில் முழுத் திருப்தி இல்லை.

சிலர் இந்த வழியைப் படித்ததும் உற்சாகமாகப் பட்டா மாற்றத்தின் பதினைந்து படிகளையும் ஒரே நாளில் எழுதிவிடுவார்கள். வேண்டாத வேலை. பீரோவிலிருந்து வந்த போட்டோ எப்படி மற்ற எல்லாத் திட்டத்தையும் மாற்றியது என்று பார்த்தோம். முதல் அடியில் கிடைக்கும் தகவல்தான் இரண்டாவது அடியைத் தீர்மானிக்கிறது. ஒரு விஷயத்துக்கு ஒரு வரி, அது முடிந்ததும் அங்கேயே நின்று அடுத்த வரி. இந்த 'அங்கேயே நின்று' என்பது முக்கியம்: போனை வைத்த கையோடு அடுத்ததை எழுதாவிட்டால், முடித்த திருப்தியில் விஷயம் மறுபடி காணாமல் போய்விடும்.

எவ்வளவு பொடியாக உடைப்பது என்ற கேள்வி வரும். 'நாற்காலியிலிருந்து எழு' என்று எழுதுவது கேலிக்கூத்து. நமக்குப் பழகிய காரியத்துக்குப் பெரிய துண்டு போதும். வருஷா வருஷம் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்கிறவருக்கு 'படிவம் 16-ஐ ஆடிட்டருக்கு மெயில் அனுப்பு' என்றால் கை தானாகப் போகும். முதல் தடவை செய்கிறவருக்கு 'படிவம் 16 வந்துவிட்டதா என்று அலுவலக அக்கவுண்ட்ஸில் கேள்' என்று அதற்கும் ஒரு படி கீழே இறங்கவேண்டியிருக்கும். ஒரே வரியை இரண்டு முறை தள்ளிப்போட்டால் அது பெரிதாக இருக்கிறது, அல்லது அதற்கு முன்னால் இன்னொரு படி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். பெரும்பாலும் அது ஒரு நம்பர், ஒரு விலாசம், ஒரு பாஸ்வேர்டு. 'சர்வேயருக்குப் போன்' என்று எழுதிவிட்டு நம்பர் இல்லாமல் விழித்தால், அடுத்த அடி போன் அல்ல. 'கிராம நிர்வாக அலுவலரிடம் சர்வேயர் நம்பர் கேள்' என்பது. நம்பரை நினைவூட்டலுக்குள்ளேயே ஒட்டிவைத்துவிட்டால், தொட்டதும் அழைப்பு போகும்.

இதில் ஏமாற்றுகிற இடம் ஒன்றும் உண்டு. மசிக்காம்போ, பாமைஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வில், முடிக்காத வேலைகளைப் பற்றிய நினைப்பு, வேறொன்றைப் படிக்கும்போது குறுக்கே வந்து தொல்லை செய்கிறது என்று காட்டினார்கள். அந்த வேலையை எப்படிச் செய்யப்போகிறோம் என்று குறிப்பாகத் திட்டம் எழுதியவர்களுக்கு அந்தத் தொல்லை அடங்கிவிட்டது. வேலை முடியவில்லை, திட்டம்தான் எழுதினார்கள்! உறுத்தல் போவது நல்லதுதான். ஆனால் போனபிறகு நம்மைத் தள்ள உள்ளே யாரும் இல்லை. எழுதிய வரி சரியான நேரத்தில், சரியான இடத்தில் கண்ணில் படாவிட்டால் நிம்மதியாக மறந்துவிடுவோம். அதனால்தான் செவ்வாய் மாலை 6 மணி. அரசு அலுவலக வேலை என்றால் வேலைநாள் காலை. மருந்துக்கடை வேலை என்றால் கடை இருக்கும் தெரு வழியாக வீட்டுக்குத் திரும்பும் நேரம்.

பலன் எப்போதும் யேலில் கிடைத்த அளவுக்குப் பெரிதாக இருக்கும் என்றும் எண்ணவேண்டாம். 2011-இல் வெளியான ஓர் ஆய்வுக்காகக் கேத்தரின் மில்க்மனும் சகாக்களும் ஓர் அமெரிக்க நிறுவனத்தின் ஊழியர்களுக்கு ஃப்ளூ தடுப்பூசி முகாம் பற்றிக் கடிதம் அனுப்பினார்கள். சிலருடைய கடிதத்தில் எந்தத் தேதி, எத்தனை மணிக்குப் போவீர்கள் என்று எழுதிக்கொள்ளக் கட்டம் இருந்தது. ஊசி போட்டவர்கள் 33 சதவீதத்திலிருந்து 37 ஆனார்கள். நாலு சதவீதப் புள்ளிகள்தான். ஒரு கட்டம் அச்சடிக்க ஆகும் செலவைப் பார்த்தால் மோசமில்லை.

காத்திருக்கும் வேலைகளுக்கு இந்த வழி வேறுமாதிரி ஓடும். நண்பர் ஊருக்குப் போய் இ-சேவை மையத்தில் வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், அப்பா வாங்கிய கிரயப் பத்திரம், வில்லங்கச் சான்றிதழ் எல்லாம் கொடுத்து விண்ணப்பித்துவிட்டார். இனி செய்ய அவரிடம் ஒன்றுமில்லை; விண்ணப்பம் நகர வேண்டும். இந்த மாதிரி நேரத்தில் 'பட்டா என்ன ஆச்சு' என்று எழுதிவைத்தால் பழைய கதைதான். விண்ணப்ப எண்ணையும், கொடுத்த தேதியையும், எந்தத் தேதிக்குமேல் யாரைப் போய்க் கேட்பது என்பதையும் எழுதவேண்டும்: '15-ஆம் தேதிவரை எஸ்எம்எஸ் வராவிட்டால், ஒப்புகைச் சீட்டோடு கிராம நிர்வாக அலுவலரைப் பார்.' அதுவரை அந்த விஷயம் அவருடையது அல்ல. 14-ஆம் தேதி குற்ற உணர்ச்சிப்பட அவருக்கு உரிமையே இல்லை.

அடுத்தவருக்கு நினைவூட்டும்போதும் இதே கணக்குத்தான், இன்னும் கொஞ்சம் கூர்மையாக. "என்னங்க, கேஸ் விஷயத்தைக் கொஞ்சம் பாருங்களேன்" என்று மூன்றாம் முறை சொல்லும்போது அது நச்சரிப்பாகிவிடுகிறது. கேட்பவருக்கு எதைப் பார்ப்பது என்று தெரியவில்லை, சொல்பவருக்குச் சொல்லி அலுத்துவிட்டது. "ரெகுலேட்டர் கிட்ட வாசனை வருது. புக்ல இருக்கிற ஏஜென்சி நம்பருக்கு இப்ப ஒரு போன் போட்டு ஆள் அனுப்பச் சொல்லுங்க, நான் வால்வை மூடிட்டேன்" என்றால் மறுத்துப் பேச இடமில்லை. ஆனால் எல்லா நேரமும் அப்படி வரிவரியாகச் சொன்னால், "எனக்குத் தெரியாதா?" என்று கோபம் வரும். விஷயம் தெரிந்தவருக்கு ஒரு படி மேலே நின்று சொல்லவேண்டும், தெரியாதவருக்கு ஒரு படி கீழே.

அடுக்குமாடிக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுக்கள் இதற்கு நல்ல பயிற்சிக்களம். 'தண்ணீர்த் தொட்டி சுத்தம் செய்யவேண்டும், அனைவரும் ஒத்துழைக்கவும்' என்று செயலாளர் போட்டால் கைகூப்பும் பொம்மைகள் நிறைய வரும், ஒருவர்கூட எதுவும் செய்யமாட்டார். 'சனி காலை 7 முதல் 11 வரை தண்ணீர் வராது. வெள்ளி இரவே இரண்டு பக்கெட் பிடித்துவையுங்கள். ஏ பிளாக்கில் யாராவது ஒருவர் 6.45-க்கு மாடிக் கதவின் சாவியை வாட்ச்மேனிடம் கொடுக்கவும்; கொடுப்பவர் பெயரை இங்கே எழுதவும்' என்று போட்டுப் பாருங்கள். பெயர் வர ஐந்து நிமிஷம் ஆகும். வராவிட்டால் சாவி யாரிடமும் இல்லை என்பதாவது வெள்ளிக்கிழமையே தெரிந்துவிடும்.